ஐந்நூறு ரூபாய் ரீசார்ஜ் கோடு எங்கே போகிறது?

களியக்காவிளையைத் தாண்டிப் போய்க் கேரள லாட்டரி வாங்கி வருபவர்கள் எங்கள் கன்னியாகுமரி மாவட்டத்தில் எல்லா ஊரிலும் உண்டு. தமிழ்நாட்டில் 2003-இல் லாட்டரிக்குத் தடை வந்தது. எல்லைக்கு அந்தப் பக்கம் அது அரசு வியாபாரம். அந்தச் சீட்டுக்கு ஒரு நல்ல குணம் இருந்தது: கண்ணுக்குத் தெரியும். சட்டையைத் துவைக்கப் போடும்போது பையிலிருந்து விழும். வீட்டில் ஒரு சண்டை நடக்கும். சண்டை நடந்தால் கணக்கும் வெளியே வரும்.

தக்கலையில் மொபைல் கடை வைத்திருக்கும் என் நண்பர் காட்டியது அப்படி விழாத சீட்டு. ரப்பர் பால்வெட்டுக்குப் போகும் ஒருவரின் மகன், இருபத்திரண்டு வயது. கடை அடைக்கும் நேரத்துக்கு வந்து ஐந்நூறு ரூபாயைக் கொடுத்து, கூகுள் பிளே ரீசார்ஜ் கோடு ஒன்று வாங்கிப் போவான். எழுத்தும் எண்ணும் கலந்த பதினாறு குறிகள், அவ்வளவுதான். "ஏதோ விளையாட்டு வாங்குகிறான் என்று நினைத்தேன்" என்றார் நண்பர். நான்கு வாரத்தில் இருபத்து மூன்று கோடுகள் விற்ற பிறகுதான் அவருக்கு உறுத்தியிருக்கிறது.

அந்தக் கோடுகள் போனது ஒரு பந்தயத் தளத்துக்கு. அவன் ஏன் அங்கே நேராகப் பணம் கட்டவில்லை? இதைப் புரிந்துகொள்ள, பணத்தின் மேல் ஒட்டியிருக்கும் ஒரு சின்ன எண்ணைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டும்.

கடைக்காரருக்கு நாம் அட்டையில் பணம் கட்டும்போது, தொகையோடு சேர்ந்து நான்கு இலக்க எண் ஒன்றும் வங்கிக்குப் போகிறது. அது வணிகர் வகை எண். மளிகைக் கடைக்கு ஓர் எண், மருந்துக் கடைக்கு ஓர் எண். சூதாட்டத்துக்கு 7995. பந்தயம், கேசினோ, லாட்டரி எல்லாம் அதற்குள் அடங்கும். பல நாடுகளில் வங்கிகள் தங்கள் செயலியில் "சூதாட்டத்தைத் தடு" என்று ஒரு பொத்தான் வைத்திருக்கின்றன. அது பெரிய மந்திரம் ஒன்றுமில்லை. 7995 என்ற எண்ணோடு வரும் கோரிக்கையைத் திருப்பி அனுப்புகிறது, அவ்வளவே. தடுப்பது, வரம்பு வைப்பது, மாத அறிக்கையில் தனியாகக் காட்டுவது எல்லாமே இந்த எண்ணைப் படித்துத்தான் நடக்கின்றன.

இப்போது அதே ஐந்நூறு ரூபாய் பிளே ஸ்டோர் போன்ற ஒரு செயலிக் கடைக்குள் போகட்டும். வங்கிக்குத் தெரிவது மின்னணுப் பொருள் அல்லது விளையாட்டு, விளையாட்டுக்கு 5816. தொலைபேசி பில்லில் சேர்த்துக் கட்டும் வழியில் போனால், பில்லைக் கட்டும்போது வங்கிக்குத் தெரிவது தொலைத்தொடர்புச் சேவை, 4814. கடையில் ரொக்கம் கொடுத்துக் கோடு வாங்கினால், வங்கிக்கு எதுவுமே தெரியாது. பணம் அதே பணம்தான். ஒட்டியிருந்த எண்தான் வழியில் உதிர்ந்துபோகிறது.

தொலைபேசி பில் வழியை முதலில் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். நம் ஊரில் பெரும்பாலும் பிரீபெய்டு என்பதால் இது பெரிதாகப் பரவவில்லை. கூடுதல் சேவை எதையும் தொடங்க வாடிக்கையாளரிடம் இருமுறை ஒப்புதல் வாங்க வேண்டும் என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமும் 2013-இலேயே கட்டளையிட்டிருக்கிறது. அப்படி ஏதாவது தொற்றிக்கொண்டால் 155223-க்கு அழைத்து நிறுத்தலாம். ஆனால் வளைகுடாவிலோ பிரிட்டனிலோ இருக்கும் நம் வீட்டுப் பிள்ளைகளின் கைப்பேசியில் இந்த வழி திறந்தே இருக்கக்கூடும். மொபைல் டேட்டாவில் ஒரு பக்கத்தைத் திறக்கும்போது, அந்த இணைப்பு யாருடைய எண் என்று தொலைபேசி நிறுவனத்துக்கு ஏற்கெனவே தெரியும். பணம் வாங்கும் பக்கத்துக்கு அந்த அடையாளத்தை நிறுவனமே கொடுத்துவிடும். அட்டை எண் வேண்டாம், கடவுச்சொல் வேண்டாம்; ஒரு தட்டு போதும். வைஃபையில் இருந்தால் மட்டும் குறுஞ்செய்தியில் ஓர் எண் வந்து அதைப் பதிய வேண்டியிருக்கும்.

பிரிட்டனில் இப்படிக் கட்டும் தொகைக்கு ஒருமுறைக்கு 40 பவுண்டு, மாதத்துக்கு 240 பவுண்டு என்று உச்சவரம்பு உண்டு. பார்க்கப் பாதுகாப்பாகத் தெரிகிறது. ஆனால் அந்தக் கணக்கு சிம்முக்குத்தான், ஆளுக்கு அல்ல. இரண்டு சிம் வைத்திருப்பவருக்கு இரண்டு வரம்பு. இன்னொன்று: 2020 ஏப்ரலில் அந்த நாடு கிரெடிட் கார்டில் சூதாடுவதைத் தடைசெய்தது, கடன் வாங்கி ஆடக் கூடாது என்பதுதான் காரணம். மாதக் கடைசியில் கட்டும் தொலைபேசி பில்லும் கடன்தான் என்பது என் கருத்து. பெயர் மட்டும் வேறு.

இனி கோடுக்கு வருவோம். நம் மாவட்டத்துக்கு உண்மையில் பொருந்துவது இதுதான்.

ஐந்நூறு ரூபாய் பிளே கோடைக் கணக்கில் ஏற்றினால், அந்த இருப்பைச் செயலிக் கடைக்குள்தான் செலவிட முடியும். வேறு கணக்குக்கு மாற்ற முடியாது. பணமாக எடுக்கவும் முடியாது. உண்மைப் பணம் வைத்து ஆடும் செயலிகள் தங்கள் கட்டண வசதியைப் பயன்படுத்தக் கூடாது என்று கூகுளும் ஆப்பிளும் விதியாகவே எழுதி வைத்திருக்கின்றன. ஆகவே கடைக்குள்ளே அதிகபட்சம் கேசினோ மாதிரியான விளையாட்டில் "காயின்" வாங்கலாம். உருளைகள் சுழலும், விளக்கு மின்னும், ஜெயித்தால் இன்னும் காயின் கிடைக்கும். அந்தக் காயினை ஒருபோதும் ரூபாயாக்க முடியாது. ஜெயித்தாலும் நஷ்டம்தான் என்ற விசித்திரமான சூது இது. அதிலும் மாதம் ஆயிரக்கணக்கில் விடுபவர்கள் இருக்கிறார்கள்.

தக்கலைப் பையன் போனது அந்த வழியில் அல்ல. அவன் கோடைத் தன் கணக்கில் ஏற்றவே இல்லை. படம் எடுத்து, டெலிகிராமில் இருந்த ஒரு "ஏஜென்ட்டுக்கு" அனுப்பிவிட்டான். ஐந்நூறு ரூபாய் கோடுக்கு நானூறு ரூபாய் மதிப்புள்ள புள்ளிகளை, வெளிநாட்டிலிருந்து ஓடும் ஒரு பந்தயத் தளத்தில் அவன் பெயருக்கு ஏற்றுவார்கள். 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய இணைய விளையாட்டுச் சட்டம், பணம் வைத்து ஆடும் விளையாட்டுக்கு வங்கிகளும் பணப் பரிமாற்றச் சேவைகளும் உதவக் கூடாது என்கிறது. நேர்வழி அடைபட்டால் தண்ணீர் இப்படி மடை தேடும். அந்தச் சட்டம் காயின், டோக்கன், கிரெடிட் போன்றவற்றையும் பணயம் என்றே எண்ணுகிறது என்பது ஏஜென்ட்டின் வாடிக்கையாளர்களுக்குத் தெரியாது.

ஏஜென்ட்டுக்கு அந்தக் கோடு எதற்கு? வேறொருவருக்கு விற்கத்தான். ஐந்நூறு ரூபாய் கோடு நானூற்று ஐம்பதுக்குக் கிடைக்கிறது என்றால், வேறு விளையாட்டுக்குக் காசு ஏற்றும் ஒரு பள்ளிப் பையன் மகிழ்ச்சியாக வாங்கிக்கொள்வான். கோடில் யார் பெயரும் இல்லை. வாங்கியவர் ஒருவர், ஏற்றியவர் இன்னொருவர், நடுவில் நடந்தது எதுவும் எந்த வங்கிப் புத்தகத்திலும் இல்லை.

கணக்கைப் போட்டுப் பார்ப்போம். இருபத்து மூன்று கோடு, 11,500 ரூபாய். கிடைத்த புள்ளிகள் 9,200 ரூபாய்க்கு. ஒரு பந்துக்குக்கூடப் பந்தயம் கட்டும் முன்பே 2,300 ரூபாய் போயிற்று. ஐந்தில் ஒரு பங்கு. விட்டதை மீட்க வேண்டும் என்றால், ஒவ்வொரு நானூறையும் ஐந்நூறாக்க வேண்டும். அதாவது இருபத்தைந்து சதவீதம் ஜெயித்தால்தான் தொடங்கிய இடத்துக்கே திரும்பி வர முடியும்.

அவனுக்கு ஒரு வாரம் அதிர்ஷ்டம் அடித்தது. கையில் 6,000 ரூபாய்க்குப் புள்ளிகள். இங்கேதான் இந்த வழியின் மிக மோசமான முடிச்சு இருக்கிறது. கோடு, தொலைபேசி பில் இரண்டுமே ஒருவழிப் பாதைகள். உள்ளே போகலாம், அதே வழியாக வெளியே வர முடியாது. பில்லுக்குள் பணத்தைத் திருப்பிப் போட முடியாது. பயன்படுத்திய கோடை மறுபடி காசாக்க முடியாது. ஆகவே பணத்தை எடுக்கும்போது மட்டும் வங்கிக் கணக்கு கேட்கிறார்கள். உள்ளே போகும்போது பெயரே வேண்டாம் என்றவர்கள், வெளியே வரும்போது எல்லா விவரமும் வேண்டும் என்கிறார்கள். பலருக்கு அந்த இடத்தில் பணம் கிடைப்பதே இல்லை. இவனுக்குக் கிடைத்தது, யாரோ முன்பின் தெரியாத ஒருவரின் கணக்கிலிருந்து.

பதினொரு நாள் கழித்து ஏ.டி.எம். பணம் தரவில்லை. வங்கியில் விசாரித்தால், கணக்கு முடக்கப்பட்டிருக்கிறது என்றார்கள். வேறொரு மாநிலத்தில் யாரோ ஏமாற்றப்பட்டு, 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணில் புகார் கொடுத்திருக்கிறார். அந்தப் பணம் எந்தெந்தக் கணக்குக்குப் போனது என்று போலீஸ் வரிசையாகத் தொடர்ந்திருக்கிறது. மூன்றாவது கையாக இவன் கணக்கு அகப்பட்டது. இந்த வகைத் தளங்கள் ஜெயித்தவர்களுக்குக் கொடுப்பது, பல நேரங்களில் வேறெங்கோ திருடிய பணம். கணக்கில் இருந்த அப்பாவின் பால்வெட்டுக் கூலியும் சேர்ந்து மாட்டிக்கொண்டது. "இது என் பணம், இன்ன வழியில் வந்தது" என்று காட்ட அவனிடம் இருந்தது கோடுகளின் படங்கள் மட்டும். அவையும் சூதாடியதற்கான சாட்சிதான்.

வங்கியிலிருந்து வங்கிக்குப் போன பணமாக இருந்தால், உடனே 1930-இல் சொன்னால் வழியில் எங்காவது நிறுத்த வாய்ப்பு உண்டு. கோடுக்கு அது கிடையாது. ஒருவர் ஏற்றிய மறுநொடியே அது முடிந்துபோன பொருள். கூகுள் சில வாங்குதல்களுக்குப் பணம் திருப்பித் தருகிறது. ஆனால் பரிசுக் கோடால் வாங்கியதற்கு அதே பிளே இருப்பில்தான் திரும்பும், ரொக்கமாக அல்ல. ஏஜென்ட்டுக்கு அனுப்பிய கோடுக்கு அதுவும் இல்லை.

வீட்டில் கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. பிளே ஸ்டோரில் மேலே இருக்கும் படத்தைத் தொட்டு Payments & subscriptions என்பதற்குள் போனால் Budget & history என்று ஒன்று இருக்கும். அந்தக் கணக்கில் என்னென்ன வாங்கப்பட்டது என்பது அங்கே தெரியும். கோடு வாங்கிய தொகையையும் அந்தப் பட்டியலின் கூட்டுத்தொகையையும் ஒப்பிடுங்கள். 11,500-க்குக் கோடு வாங்கி, பட்டியலில் முந்நூறு ரூபாய்தான் இருக்கிறது, இருப்பும் பூஜ்யம் என்றால், மீதி வேறு எங்கோ போயிருக்கிறது. அதே இடத்தில் மாத பட்ஜெட் போடும் வசதியும் உண்டு. அதை நம்பி இருந்துவிட வேண்டாம். அது எச்சரிக்கும், தடுக்காது.

என் நண்பர் இப்போது ஒரு வழக்கம் வைத்திருக்கிறார். கோடு கேட்பவரின் கைப்பேசியை வாங்கி, அங்கேயே அவர் கணக்கில் ஏற்றிக் காட்டிவிட்டுத்தான் காசு வாங்குகிறார். ஒருமுறை ஏற்றிவிட்டால் அந்தக் கோடை எந்த ஏஜென்ட்டும் சீண்ட மாட்டான். பெரும்பாலானவர்கள் மறுபேச்சில்லாமல் கைப்பேசியை நீட்டுகிறார்கள். மூன்று பேர் மட்டும், "படம் போதும் அண்ணே" என்று சொல்லிப் பார்த்துவிட்டு, பக்கத்துக் கடைக்குப் போய்விட்டார்கள்.