கடை வாசலில் யார் சிக்குவார்கள்?

மஞ்சக்குப்பத்தில் இட்லி மாவுக் கடை வைத்திருக்கும் வாசகர் ஒருவர் கேட்கிறார்: “மாவை வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுக்கலாமா என்று யோசனை. பி.பி.ஏ. படிக்கிற மகள், கடை வாசலில் நின்று சர்வே எடுக்கிறேன் என்கிறாள். நூறு பேர் போதுமா?”

மொய்க்கு நூற்றியொன்று மாதிரி, ப்ராஜெக்டுக்கு நூறு என்று யாரோ ராசி பார்த்து வைத்துவிட்டார்கள். ஆனால் வம்பு எண்ணிக்கையில் இல்லை, வாசலில் இருக்கிறது.

ஒரு கணக்குப் போடுவோம். தினமும் வாங்கும் வீடுகள் 60, வாரம் ஒருமுறை வாங்குபவை 210. வீடுகளில் முக்கால் பங்குக்கு மேல் வாரக் கணக்குதான். ஆனால் ஒரு வாரத்தில் கடைப் படியை மிதிப்பதோ தினசரி வீடுகள் 420 தடவை, மற்றவர்கள் 210 தடவை. வாசலில் நிற்கிற பெண்ணிடம் மூன்றில் இருவர் தினசரி ஆட்களாகவே சிக்குவார்கள். அவள் யாரையும் பாரபட்சமாகத் தேர்ந்தெடுக்கவில்லை, வாசலே தேர்ந்தெடுத்துவிடுகிறது!

60 பேரிடம் கேட்கிறாள் என்று வைப்போம். தினசரி 40 பேரில் 30 பேரும், வாரக்காரர் 20 பேரில் 4 பேரும் “வீட்டுக்கு வந்தால் வாங்குவேன்” என்கிறார்கள். நேராகக் கூட்டினால் 57 சதவீதம். அப்பா வண்டி வாங்கக் கிளம்பிவிடுவார்.

இதற்கு மருந்து ஒரே ஒரு கேள்வி: “இன்றையும் சேர்த்து, கடந்த ஏழு நாளில் எத்தனை தடவை வந்தீர்கள்?” ஏழு என்பவரின் பதிலை ஏழில் ஒரு பங்காக எண்ண வேண்டும், ஒன்று என்பவரை முழுசாக. அப்போது ‘ஆம்’ 30/7 + 4, ஏறக்குறைய 8.3. மொத்தம் 40/7 + 20, அதாவது 25.7. விடை 32 சதவீதம். “வழக்கமாக எத்தனை தடவை?” என்று மட்டும் கேட்காதீர்கள், கடைக்காரர் மகளிடம் எல்லாரும் கொஞ்சம் தாராளமாகத்தான் சொல்வார்கள்.

இப்போது நூறுக்கு வருவோம். 25.7-ல் 20 பங்கு வாரக்காரர்களுடையது. அவர்களில் 4 பேர் 8 ஆனாலே விடை 48 சதவீதத்துக்குத் தாவிவிடும். ஆகவே தலைகளை மொத்தமாக எண்ணாமல், வாரக்காரர்கள் எத்தனை பேர் சேர்ந்தார்கள் என்று பாருங்கள். போதவில்லை என்றால் இன்னும் இரண்டு வாரம் நிற்க வேண்டியதுதான். சனிக்கிழமை மட்டும் நின்று ஆள் சேர்த்தால் மேலே போட்ட கணக்கே உடைந்துவிடும். கடை திறந்திருக்கும் நேரமெல்லாம் நின்று, வருகிறவர்களில் பத்துக்கு ஒருவரிடம் கேட்க வேண்டும். முதல் ஆள் எத்தனையாவது ஆள் என்பதற்கு மட்டும் 1 முதல் 10 வரை சீட்டுப் போடுங்கள். சிரித்த முகமாகப் பார்த்துக் கேட்கிற பழக்கம் அதோடு போய்விடும்.

கடைப் பக்கமே வராதவர்களை எந்தப் பங்குக் கணக்கும் கொண்டுவராது. கடை தூரம் என்பதாலேயே அவர்கள் வராமல் இருக்கலாம், வண்டி யாருக்கோ அவர்களே இவர்கள். அவர்களைப் பிடிக்கத் தெருத்தெருவாகப் போய்ப் பத்தாவது வீடாகக் கதவைத் தட்ட வேண்டும், பூட்டியிருந்த வீட்டுக்குச் சாயங்காலம் மறுபடியும்.