கசியும் கான்கிரீட் மேல்நிலைத் தொட்டி: விரிசலை அடைத்தல், படிகப் பூச்சு, நிரப்புச் சோதனை

மேல்நிலைத் தொட்டியின் வெளிச்சுவரில் ஈரம் தெரியும் இடமும், உள்ளே தண்ணீர் நுழையும் இடமும் பெரும்பாலும் ஒன்றாக இருப்பதில்லை. உள்ளே நுழைந்த நீர், தளத்தையும் சுவரையும் வெவ்வேறு நாட்களில் வார்த்ததால் உண்டான மூட்டின் வழியாகப் பக்கவாட்டில் ஓடி, எளிதாக வெளியேறக்கூடிய வேறோர் இடத்தில் தலைகாட்டுகிறது. ஈரம் தெரிந்த இடத்தில் வெளியிலிருந்து சிமென்ட் பூசினால் நீர் சுவருக்குள்ளேயே தேங்கி, கம்பியைத் துருப்பிடிக்க வைக்கும். ஆகவே பழுதுபார்ப்பு தொட்டியின் உட்புறத்தில்தான் தொடங்க வேண்டும். அதற்கு முன்பு, கசிவு எந்த உயரத்தில் இருக்கிறது என்று அறிய வேண்டும்.

இதைத் தண்ணீர் மட்டமே சொல்லிவிடும். உட்புற அளவு 2 மீட்டருக்கு 1.5 மீட்டர், நீரின் ஆழம் 1.2 மீட்டர் கொண்ட ஒரு தொட்டியை எடுத்துக்கொள்வோம். நீர் வரும் குழாயையும் வெளியேறும் குழாய்களையும் மூடிவிட்டு, மட்டத்தைக் குறித்து வைக்கிறோம். வெளியேறும் குழாயின் வால்வு லேசாகக் கசிந்தாலும் முடிவு தவறாகிவிடும் என்பதால், அதன் வாயை உட்புறமாக அடைத்துவிடுவது நல்லது. தொட்டிக்குள்ளேயே ஒரு வாளியில் பாதியளவு நீர் ஊற்றித் தொங்கவிட்டு, அதன் மட்டத்தையும் குறிக்க வேண்டும். வாளியில் குறைவது ஆவியாகும் நீர் மட்டுமே. 24 மணி நேரத்தில் தொட்டியில் 17 மில்லிமீட்டரும் வாளியில் 1 மில்லிமீட்டரும் குறைந்திருந்தால், கசிவு 16 மில்லிமீட்டர். 3 சதுர மீட்டர் பரப்பில் அது நாளொன்றுக்கு 48 லிட்டர்.

அப்படியே விட்டுவைத்தால், மட்டம் குறிப்பிட்ட ஓர் உயரத்தில் வந்து நின்றுவிடலாம். அப்படி நின்றால், விரிசலின் அடிமுனை அந்த உயரத்தில் இருக்கிறது என்று பொருள். நிற்காமல், ஆழம் பாதியானபோது குறையும் வேகமும் ஏறத்தாழ பாதியானால், கசிவு அடித்தளத்தில் அல்லது தளமும் சுவரும் சேரும் மூலையில் இருக்கிறது எனக் கொள்ளலாம். நம் தொட்டி இந்த இரண்டாம் வகையைச் சேர்ந்தது என்று வைத்துக்கொள்வோம்.

மெல்லிய விரிசலின் வழியே செல்லும் நீரின் அளவு, மேலே நிற்கும் நீரின் உயரத்துக்கு நேர்விகிதமாகவும், விரிசலின் அகலத்தின் மும்மடிக்கு ஏற்பவும் கூடுகிறது. அகலம் இரு மடங்கானால் கசிவு எட்டு மடங்காகும். அதனால்தான், மயிரிழை போன்ற பல விரிசல்களைவிட, அகன்ற ஒரே ஒரு மூட்டு முழுக் கசிவுக்கும் காரணமாகிவிடுகிறது. அகன்ற பாதையைக் கையால் வெட்டி அடைத்தே ஆக வேண்டும். மெல்லிய பாதைகளை, கான்கிரீட்டின் துளைகளுக்குள் படிகங்களை வளர்த்து அடைக்கும் படிகப் பூச்சிடம் விட்டுவிடலாம். இந்தப் பிரிவினையை மறந்து, பூச்சு எல்லாவற்றையும் அடைத்துவிடும் என்று நம்புவதே பழுதுபார்ப்பு தோற்பதற்கு முதன்மையான காரணம் என்பது என் கருத்து.

தொட்டியைக் காலிசெய்து பாசியைத் தேய்த்துக் கழுவிய பின், மூட்டு நெடுகிலும் சுமார் 25 மில்லிமீட்டர் அகலமும் 35 மில்லிமீட்டர் ஆழமும் உள்ள பள்ளம் வெட்டப்படுகிறது. உள்ளே போகப் போகக் குறுகும் பள்ளத்தில் அடைக்கும் காரை எளிதில் பெயர்ந்துவிடும் என்பதால், பக்கங்கள் நேராக இருக்க வேண்டும். இடையில் கம்பி தென்பட்டால் அதை வெட்டாமல், துருவைச் சுரண்டிவிட்டுத் தொடரலாம். ஆனால் கம்பி கணிசமாக மெலிந்திருந்தால், கசிவை அடைப்பது போதாது. கட்டமைப்புப் பொறியாளர் பார்க்க வேண்டும். பள்ளத்தைக் கழுவி நனைத்து, அந்தப் பூச்சுக்கான படிகப் பொடியின் குழம்பைத் தூரிகையால் தடவி, அது காயும் முன்பே, மிகக் குறைந்த நீரில் பிசைந்த அதே பொடியின் இறுகிய காரையைச் சுத்தியலும் கட்டையும் கொண்டு அடித்து நிரப்ப வேண்டும். பிளாஸ்டிக் குழாய் சுவரைத் துளைத்துச் செல்லும் இடத்தில் இது மட்டும் உதவாது. பிளாஸ்டிக்குடன் படிகம் பிணையாததால், அங்கே நெகிழும் சீலன்ட் தேவை.

படிகப் பூச்சு வண்ணப்பூச்சைப் போல மேலே படியும் திரை அன்று. சிமென்ட் நீருடன் வினைபுரிந்து இறுகும்போது கால்சியம் ஹைட்ராக்சைடு உண்டாகி, கான்கிரீட்டின் நுண்துளைகளில் தங்குகிறது. பூச்சிலுள்ள வேதிப்பொருள்கள் துளைகளில் உள்ள நீரில் கரைந்து உள்ளே பரவி, அந்தக் கால்சியம் ஹைட்ராக்சைடுடனும் இன்னும் வினைபுரியாத சிமென்ட் துகள்களுடனும் சேர்ந்து, நீரில் கரையாத படிகங்களாகத் துளைகளை நிரப்புகின்றன. அசையாத விரிசலில் ஏறத்தாழ 0.4 மில்லிமீட்டர் அகலம் வரை இவை அடைக்கக்கூடும். வெயிலில் விரிந்தும் குளிரில் சுருங்கியும் அசைந்துகொண்டே இருக்கும் விரிசலில் படிகம் உடைந்துவிடும்; அங்கும் நெகிழும் சீலன்ட்தான் வழி.

இந்த வேதியியலே வேலையின் விதிகளையும் தீர்மானிக்கிறது. படிகம் வளர நீர் வேண்டும் என்பதால் சுவர் முழுவதும் ஊறியிருக்க வேண்டும். ஆனால் மேற்பரப்பில் நீர் பளபளக்கக் கூடாது. துளைகள் திறந்திருக்க வேண்டும் என்பதால் பழைய வண்ணமும் வழவழப்பான சிமென்ட் படலமும் நீக்கப்பட வேண்டும். தட்டினால் வெற்றொலி தரும் உட்பூச்சின் மேல் பூசினால் அந்த உட்பூச்சுதான் அடைபடும், கான்கிரீட் அன்று. அதைப் பெயர்த்தெடுப்பதைத் தவிர வேறு வழியில்லை.

வழக்கமான கலவை, அளவில் ஐந்து பங்கு பொடிக்கு இரண்டு பங்கு நீர். தயாரிப்பாளர் வேறு விகிதம் தந்திருந்தால் அதையே பின்பற்ற வேண்டும். இருபது நிமிடங்களில் பூசி முடிக்கும் அளவு மட்டுமே கலக்க வேண்டும். இறுகத் தொடங்கியதை நீர் ஊற்றி இளக்கக் கூடாது. நம் தொட்டியில் தளமும் நீர் நிற்கும் உயரம் வரையிலான சுவர்களும் சேர்ந்து 11.4 சதுர மீட்டர். ஒரு பூச்சுக்குச் சதுர மீட்டருக்கு 0.8 கிலோ என்றால் இரண்டு பூச்சுகளுக்குச் சுமார் 18 கிலோ பொடி தேவை. முதல் பூச்சு இறுகியும் முழுதாகக் காயாமலும் இருக்கும்போதே இரண்டாவதைப் பூச வேண்டும். பொடி காரத்தன்மை உடையது என்பதால் கையுறையும் கண்ணாடியும் கட்டாயம். தொட்டிக்குள் காற்றோட்டம் இருப்பதோடு, மேலே ஒருவர் காத்திருக்க வேண்டும்.

அடுத்த மூன்று நாட்களுக்கு, நாளொன்றுக்கு மூன்று முறையாவது பனிபோல நீர் தெளிக்க வேண்டும். அதன் பின் சுமார் 12 நாட்கள் பூச்சை ஆறவிட்டுத்தான் நீர் நிரப்ப வேண்டும். குடிநீர்த் தொட்டியாயின், குடிநீருக்கு ஏற்றது என்று சான்றளிக்கப்பட்ட பூச்சையே வாங்க வேண்டும்.

நிரப்புச் சோதனையில் முதல் ஏழு நாட்களைக் கணக்கில் கொள்வதில்லை. உலர்ந்த கான்கிரீட் நீரை உறிஞ்சும் காலம் அது. மட்டத்தை மீண்டும் நிரப்பிக் குறித்து, அடுத்த ஏழு நாட்கள் முன்பு போலவே வாளியுடன் கவனிக்க வேண்டும். ஆவியானதைக் கழித்த பின் குறைவு நீரின் ஆழத்தில் ஐந்நூற்றில் ஒரு பங்குக்குள் இருக்க வேண்டும் என்பது பயனில் உள்ள ஓர் அளவுகோல். நம் தொட்டிக்கு அது ஏழு நாட்களில் 2.4 மில்லிமீட்டர், அதாவது சுமார் 7 லிட்டர். பழுதுக்கு முன் ஒரே நாளில் 48 லிட்டர் போனது. மேல்நிலைத் தொட்டிக்கு இதனினும் கடுமையான நிபந்தனை ஒன்றுண்டு: அந்த ஏழு நாட்களும் வெளிப்புறம் முழுவதும் உலர்ந்தே இருக்க வேண்டும்.

முதல் வாரத்தில் எங்காவது ஈரம் தெரிந்தால் உடனே காலிசெய்ய வேண்டாம். அதன் விளிம்பைச் சாக்கட்டியால் வரைந்து தேதியிட்டு, நாள்தோறும் பார்க்க வேண்டும். வட்டம் சுருங்கிக்கொண்டே வந்தால் படிகம் வளர்ந்துகொண்டிருக்கிறது. அது விரிந்தாலோ, சொட்டுச் சொட்டாக விழுந்தாலோ, பூச்சால் அடைக்க முடியாத அகலத்தில் ஒரு பாதை எஞ்சியிருக்கிறது. மட்டம் நிற்கும் உயரத்தை மறுபடி கண்டறிந்து, அந்த இடத்தில் மட்டும் பள்ளம் வெட்டி அடைக்க வேண்டும்.