முதலில் படமா, நாவலா?

வீரநாராயண ஏரிக்கரை, ஆடிப்பெருக்கு நாள், குதிரையில் வரும் வந்தியத்தேவன். ‘பொன்னியின் செல்வன்’ நாவலின் இந்தத் தொடக்கத்தை 2022-இல் மணிரத்னத்தின் படம் வந்த பிறகு படிக்கும் பலருக்குக் குதிரைமேல் தெரிபவர் கார்த்தி.

படிக்கும்போது மனம் முழுப் படம் வரைவதில்லை. குதிரை, கரை, ஓர் இளைஞன் என்ற அளவில் நிறுத்திக்கொள்கிறது. மூக்கும் மீசையும் எப்படி என்று கேட்டால் பலருக்குப் பதில் இருக்காது. திரையோ எதையும் பாக்கி வைக்காது. நிச்சயமான முகத்துக்கு முன்னால் மங்கலான முகம் தாக்குப்பிடிப்பது கடினம். அதனால் முதலில் படித்தவர்களின் வந்தியத்தேவனும் படம் பார்த்தபின் மாறிவிடலாம். ஆனால் ஐந்து பாகங்களையும் சொந்த முகத்தோடு படித்து முடித்த அனுபவம் அவர்களுக்குக் கிடைத்துவிட்டது. படத்தை முதலில் பார்த்தவருக்கு அது கிடைப்பதில்லை. மனதில் காட்சியே தோன்றாதவர்களும் உண்டு. அவர்களுக்கு இந்த இழப்பு கிடையாது.

முகத்தைவிட முக்கியமானது கதை. ஒரு செய்தியை நினைவில் வைக்கும் மூளை, அது எங்கிருந்து வந்தது என்பதை அவ்வளவு உறுதியாக வைத்துக்கொள்வதில்லை. 2009-இல் வெளியான ஓர் ஆய்வில், மாணவர்கள் வரலாற்றுப் பாடங்களைப் படித்தார்கள், அதே நிகழ்வுகள் பற்றிய சினிமாக் காட்சிகளையும் பார்த்தார்கள். படமும் பாடமும் ஒத்துப்போன இடங்களில் பாடம் கூடுதலாக நினைவில் நின்றது. முரண்பட்ட இடங்களிலோ, படத்தில் வந்த தவறையே பாடத்தில் படித்ததாகப் பலர் எழுதினார்கள். ‘படத்தில் பிழை இருக்கலாம்’ என்ற பொதுவான எச்சரிக்கை உதவவில்லை. எந்த இடத்தில் என்ன பிழை என்று குறிப்பாகச் சொன்னபோது குழப்பம் வெகுவாகக் குறைந்தது.

மணிரத்னத்தின் படத்தில் மணிமேகலை என்ற பாத்திரமே கிடையாது. முடிவில் கிரீடம் யார் தலைக்குப் போகிறது என்பதும் வேறு. நாவலைப் படித்துச் சில வருடங்கள் ஆனபின் படம் பார்த்தவர், படத்தின் முடிவையே கல்கி எழுதியதாக நினைக்க வாய்ப்பு அதிகம்.

அதற்காகப் படத்தை முதலில் பார்ப்பது தவறில்லை. பெரிய பழுவேட்டரையர், சின்னப் பழுவேட்டரையர், அநிருத்தர், கந்தமாறன் என்று பெயர்கள் குவியும்போது பாதியில் புத்தகத்தை மூடியவர்கள் நிறைய. ஒவ்வொரு பெயருக்கும் ஒரு முகம் இருந்தால் யார் எவர் என்று தடுமாற வேண்டாம், கவனம் கதையில் நிற்கும். அதற்கு விலையும் உண்டு. கல்கி பல அத்தியாயங்கள் பொத்திப் பொத்தி வைக்கும் ஒரு முகப் புதிர், ஒரே நடிகை இரண்டு வேடத்தில் வருவதால் திரையில் நொடியில் அவிழ்ந்துவிடுகிறது. அந்தப் புதிருக்காகவே நான் நாவலை முதலில் படிக்கச் சொல்வேன். நீண்ட நாவல்களில் பெயர்கள் குழம்பி ஏற்கெனவே தோற்றுப்போனவர் என்றால், சரி, படத்தைப் பார்த்துவிட்டு வாருங்கள். அப்புறம் படிக்கும்போது, படத்திலிருந்து விலகும் இடங்களைப் பக்க ஓரத்தில் பென்சிலால் குறித்துக்கொள்ளுங்கள். அந்த மாணவர்களுக்கு உதவியதும் இப்படி இடம் சுட்டிய எச்சரிக்கைதான்.