இல்லாதவரைப் படத்தில் நிற்க வைக்கும்போது உயரம் எங்கே தப்புகிறது

கிருஷ்ணகிரியில் ஸ்டுடியோ வைத்திருக்கிறேன். கல்யாண ஆல்பம், பாஸ்போர்ட் போட்டோ, பிளெக்ஸ் டிசைன் எல்லாம் வரும். ஆனால் மாதத்துக்கு இரண்டு மூன்று பேர் கேட்டு வரும் ஒரு வேலை மட்டும் என்னை உட்கார வைத்து வேலை வாங்கும். இறந்துபோன அப்பாவையோ, வெளிநாட்டில் இருக்கும் அண்ணனையோ, குடும்பப் படத்தில் கூடச் சேர்த்து நிற்க வைக்கும் வேலை. வெட்டுவதும் ஒட்டுவதும் இன்று போனிலேயே முடிகிறது. அப்புறம் ஏன் பார்த்த உடனே "ஒட்டினது" என்று தெரிகிறது? நிறமோ வெளிச்சமோ காரணம் என்று பலர் நினைக்கிறார்கள். என் அனுபவத்தில் பாதிக்கு மேல் உயரமும் உடம்பு அளவும்தான் காரணம்.

போன வருடம் காவேரிப்பட்டினம் பக்கத்திலிருந்து ஒரு பையன் வந்தார். புது வீடு கட்டி கிரகப்பிரவேசம் முடித்திருந்தார்கள். வீட்டு முன் அம்மாவும் மகனும் நிற்கும் படத்தை நான்தான் எடுத்திருந்தேன். பக்கத்தில் அவர்களின் பொலிரோ. "அண்ணா, அம்மா பக்கத்துல அப்பா நிக்கணும்" என்றார். வீட்டுக்கு அஸ்திவாரம் போட்டவர், கூரை போடுவதற்குள் போய்விட்டார். அவர் கொண்டு வந்தது உறவினர் கல்யாணத்தில் எடுத்த முழு உருவப் படம். மேடை மேலே நின்று கீழே இருந்தவரை எடுத்த படம்.

அந்தப் படத்தில் நான் ஒரு நாள் முழுக்க வீணாக்கினேன். அப்பாவின் தலையை அம்மாவின் தலை அளவுக்குக் கொண்டு வந்தால் ஆள் குட்டையாகிவிடுகிறார், கால் இரண்டும் சிறுத்துப் போகிறது. உயரத்தைச் சரி செய்தால் தலை பக்கத்தில் இருப்பவர்களைவிடப் பெரிதாகிவிடுகிறது. கேமரா மேலே இருந்து பார்க்கும்போது தலை கேமராவுக்குக் கிட்டே, பாதம் தூரத்தில். அந்த வித்தியாசம் படத்திலேயே பதிந்துவிட்டது. எத்தனை முறை பெரிதாக்கினாலும் சிறிதாக்கினாலும் அது போகாது. உச்சந்தலை தெரிகிறதா, பாதத்தின் மேல்பக்கம் நீளமாகத் தெரிகிறதா என்று முதலிலேயே பார்த்திருக்க வேண்டும். தெரிந்தால் அந்தப் படம் இந்த வேலைக்கு ஆகாது. வேறு படம் கேளுங்கள்.

அவரும் வேறு படம் கொண்டு வந்தார். கே.ஆர்.பி. அணையில், தண்ணீரை முதுகுக்குப் பின்னால் வைத்து நின்ற படம். தூரத்துக் கரை ஒரு நேர்கோடாக அப்பாவின் கண்ணுக்கு நேராகப் போகிறது. பார்த்ததும் எனக்கு நிம்மதி. ஏன் என்று சொல்கிறேன், இந்த வேலையின் சூட்சுமமே அதில்தான் இருக்கிறது.

சமதரையில் கேமராவை நேராகப் பிடித்து எடுத்தால், கேமரா எந்த உயரத்தில் இருக்கிறதோ அந்த உயரத்தில் ஒரு கற்பனைக் கோடு படம் முழுக்கக் குறுக்கே ஓடும். ஐ லெவல் என்போம். கடலோ ஏரியோ பின்னால் இருந்தால் தூரத்துக் கரை கிட்டத்தட்ட அந்தக் கோட்டில்தான் விழும். கேமரா 4½ அடியில் இருந்தால் அந்தக் கோடு கிட்டே நிற்பவரையும் தூரத்தில் நிற்பவரையும், காரையும், கதவையும், எல்லாவற்றையும் தரையிலிருந்து 4½ அடியில்தான் வெட்டும். ஆள் தூரத்தில் போகப்போகச் சின்னதாவார், ஆனால் கோடு அவர் உடம்பில் வெட்டும் இடம் மாறாது. ஒட்டிய படத்தில் இது மாறிவிடுகிறது. ஒருவருக்குக் கழுத்தில் வெட்டும், அதே உயரமுள்ள பக்கத்து ஆளுக்கு இடுப்பில் வெட்டும். பார்ப்பவருக்கு இந்தக் கணக்கு தெரியாது, ஆனால் கண்ணுக்கு உறுத்தும்.

வீட்டுப் படத்தில் கோட்டைக் கண்டுபிடிப்பது எப்படி? நான் எடுத்த படம் என்பதால் டிரைபாடை டேப் வைத்து அளந்தே இருந்தேன், 54 அங்குலம். வேறு யாரோ எடுத்த படம் என்றால் வீட்டின் பக்கச் சுவரைப் பாருங்கள். சன்ஷேடின் விளிம்பு தூரம் போகப்போகக் கீழே சரியும். கீழே பேஸ்மட்டத்தின் விளிம்பு மேலே ஏறும். இரண்டையும் நீட்டினால் ஒரு புள்ளியில் சேரும். அந்தப் புள்ளி வழியாகப் படுக்கையாக ஒரு கோடு போட்டால் அதுதான் ஐ லெவல். கோடு தெரிந்ததும், சுமார் 7 அடி இருக்கும் வாசற்படி நிலையில் அது எங்கே வெட்டுகிறது என்று பார்த்தால் கேமரா உயரமும் தெரிந்துவிடும். ஆனால் நிலை படியேறிப் போகும் இடத்தில் இருந்தால் அந்தப் படிகளின் உயரத்தையும் கூட்டிக்கொள்ள வேண்டும். போட்டோஷாப்பில் ரூலரிலிருந்து ஒரு கைடை இழுத்து அந்தக் கோட்டில் வைத்துவிடுங்கள், வேலை முடியும் வரை எடுக்காதீர்கள்.

அடுத்தது அப்பாவின் உயரம். இதைப் பையனிடம் கேட்டேன், "நல்ல உயரம்ணா" என்றார். பிள்ளைகள் எல்லோருக்கும் அப்பா நல்ல உயரம்தான். அம்மாவைப் போனில் பிடித்தேன். "தம்பி, பக்கத்துல நின்னா என் உச்சி அவரு புருவத்துக்கு வரும்" என்றார். அம்மா 5 அடி. உச்சியிலிருந்து புருவம் வரை சுமார் 4 அங்குலம். அப்படியானால் அப்பா 5 அடி 4 அங்குலம், அதாவது 64 அங்குலம்.

இனி கணக்கு சுலபம். அப்பாவின் பாதம் எங்கே ஊன்ற வேண்டும் என்று அம்மாவுக்குப் பக்கத்தில், அதே வரிசையில் ஒரு புள்ளி வைத்தேன். அந்தப் புள்ளியிலிருந்து ஐ லெவல் கோடு வரை 1080 பிக்சல். நிஜத்தில் அது 54 அங்குலம். ஒரு அங்குலத்துக்கு 20 பிக்சல். அப்பாவுக்கு 64 அங்குலம் என்றால் 1280 பிக்சல். அவ்வளவுதான், கண்மதிப்பே வேண்டாம். அம்மாவை அளந்து பார்த்தேன், 1200 பிக்சலுக்கு வந்தது. கணக்கு ஒத்துப்போகிறது. அப்பாவை இரண்டடி பின்னால் தள்ளி நிற்க வைக்கலாமா என்று பையன் கேட்டபோது புதிய பாதப் புள்ளியிலிருந்து கோடு வரை மறுபடி அளந்தேன். தூரம் குறையும், அந்த விகிதத்தில் ஆளும் குறைவார். பாதத்தை மேலே நகர்த்திவிட்டு ஆளை அதே அளவில் விடுவதுதான் பலர் செய்யும் தவறு. அப்போது அவர் பின்னால் நிற்கும் ராட்சதன் மாதிரித் தெரிவார்.

அணைப் படத்தில் கோடு கண்ணில் வெட்டியது, எனவே கேமரா சுமார் 5 அடியில் இருந்திருக்கிறது. வீட்டுப் படத்தில் 4½ அடி, கோடு அப்பாவுக்குத் தாடைக்குக் கொஞ்சம் கீழே கழுத்தில் வெட்டுகிறது. அரை அடி வித்தியாசம். பதினைந்து அடி தூரத்தில் நின்று எடுத்த முழு உருவப் படத்தில் இது தெரியாது. இரண்டு அடி வித்தியாசம் என்றால் தெரியும். மேடைப் படத்தில் நடந்தது அதுதான்.

உயரம் சரியானதும் தலையைச் சரிபார்ப்பேன். பெரியவர்களுக்கு உச்சியிலிருந்து தாடை வரை ஏறக்குறைய 8½, 9 அங்குலம்தான். உயரமானவருக்கும் குட்டையானவருக்கும் இதில் பெரிய வித்தியாசம் இல்லை, வித்தியாசம் முக்கியமாகக் காலில்தான். மொத்த உயரம் ஏழு, ஏழரைத் தலை வரும். அப்பாவின் தலை 172 பிக்சல், அம்மாவின் தலை 166. ஒரே வரிசையில் நிற்பவர்களின் தலைகள் இப்படிக் கிட்டக்கிட்ட வந்தால் பயப்பட வேண்டாம். பாஸ்போர்ட் போட்டோ தலையை வேறொருவர் உடம்பில் வைத்துத் தரும் வேலையில் இதைத்தான் கோட்டை விடுகிறார்கள். முகம் நன்றாகத் தெரியட்டும் என்று தலையைக் கொஞ்சம் பெரிதாக வைப்பார்கள், ஆள் ஆறு தலை உயரத்துக்கு வந்துவிடுவார். ஆறு தலைக்கும் கீழே இருப்பது ஐந்து வயதுக் குழந்தையின் உடம்பு. பெரியவர் முகத்தோடு குழந்தையின் அளவு சேர்ந்தால் எப்படி இருக்கும் என்று யோசியுங்கள்.

இவ்வளவும் சரியாகச் செய்துவிட்டு ஒரு இடத்தில் சறுக்கினேன். பிரிண்டைப் பார்த்த அம்மா, "உயரம் சரிதான் தம்பி, ஆனா இவ்வளவு ஒல்லியா இருக்க மாட்டாரே" என்றார். கடையில் இரண்டு கம்ப்யூட்டர். பழையதில் பழைய போட்டோஷாப். அதில் ஷிப்டைப் பிடித்துக்கொண்டு மூலையை இழுத்தால்தான் விகிதம் மாறாது. 2018 அக்டோபரில் வந்த பதிப்பிலிருந்து இது தலைகீழ். சும்மா இழுத்தாலே விகிதம் காக்கும், ஷிப்டைப் பிடித்தால் இழுபடும். பத்து வருடப் பழக்கத்தில் விரல் தானாக ஷிப்டுக்குப் போயிருக்கிறது. அப்பாவை உயரவாக்கில் 8 சதவீதம் இழுத்துவிட்டு, அது தெரியாமலேயே 1280 பிக்சலுக்குக் கொண்டு வந்திருக்கிறேன். அதைக் காட்டிக் கொடுத்தது அவர் கைக்கடிகாரம். வட்ட டயல் முட்டை மாதிரி நின்றது. இப்போது என்டர் அழுத்துவதற்கு முன் மேலே உள்ள பட்டையில் `W`, `H` இரண்டு சதவீதமும் ஒன்றா என்று பார்க்காமல் விடுவதில்லை. சட்டைப் பட்டன், கடிகாரம், நெற்றிப் பொட்டு, மோட்டார் சைக்கிள் சக்கரம், நேருக்கு நேர் தெரியும் வட்டம் எதுவானாலும் சாட்சிதான்.

பக்கத்தில் நிற்கும் பொலிரோவை வைத்தும் ஒரு சோதனை செய்தேன். அந்த வண்டி 6 அடிக்குக் கொஞ்சம் மேல். 64 அங்குல ஆள் அதன் பக்கத்தில் அதே தூரத்தில் நின்றால் வண்டியின் கூரை அவர் தலைக்கு மேலே தெரிய வேண்டும். காரின் உயரம் கம்பெனி கையேட்டிலேயே இருக்கும், ஐந்து நிமிடத்தில் தெரிந்துகொள்ளலாம். தலை கூரையைத் தாண்டினால் கணக்கில் எங்கோ தவறு.

பிளெக்ஸில் தலைவரைப் பெரிதாகவும் வாழ்த்துபவர்களைச் சின்ன வட்டங்களிலும் போடுவோம், அதில் தவறில்லை. அங்கே யாருக்கும் தரை இல்லை. பாதம் தரையில் ஊன்றிய பிறகுதான் இந்தக் கணக்கு எல்லாம். தரை சமமாக இல்லாவிட்டாலும் கணக்கு மாறும். அப்பா வாசல் படியில் மூன்றாம் படி மேல் நிற்கிறார், படி ஒவ்வொன்றும் 6 அங்குலம் என்றால், அவர் பாதத்திலிருந்து கோடு வரை 54 இல்லை, 36 அங்குலம்தான். இதைக் கழிக்காமல் போட்டால் படியேறிய அப்பா சின்னப் பையன் ஆகிவிடுவார். ராயக்கோட்டை மலை மாதிரிச் சரிவில் எடுத்த பின்னணிக்கு நான் இந்த முறையை நம்புவதே இல்லை. அந்த இடத்தில் ஏற்கெனவே நிற்கும் ஒருவரைப் பக்கத்திலேயே தேடி, அவரை வைத்து அளப்பேன்.

இந்த வேலைக்கு வருபவர்கள் கொண்டு வர வேண்டியது இதுதான். பாதம் வரை தெரியும் படம், பத்து பதினைந்து அடி தூரத்தில் நின்று நெஞ்சு உயரத்தில் பிடித்து எடுத்தது. செல்ஃபி வேண்டாம், மாடியிலிருந்து எடுத்தது வேண்டாம். படத்தோடு அவர் உயரத்தையும் சொல்லுங்கள், தெரியாவிட்டால் யாருடைய உச்சி அவருக்கு எதுவரை வரும் என்று வீட்டில் கேட்டு வாருங்கள். படத்தில் அவர் செருப்புப் போட்டிருந்தாரா என்பதும் முக்கியம். ஒரு அங்குலம் அதில் போகும், அம்மாவின் புருவக் கணக்கில் அது கால்வாசி.