பட்டறை கரன்ட் பில்லில் பவர் ஃபேக்டர் அபராதம்: எதற்கு, எவ்வளவு, எப்படி நிறுத்துவது

தமிழ்நாட்டில் தாழ்வழுத்த தொழில் இணைப்பு வைத்திருக்கும் லேத் பட்டறைக்காரர்கள் பலர், யூனிட் கட்டணத்தை மட்டும் பார்த்துவிட்டு பில்லை மடித்து வைத்துவிடுகிறார்கள். மொத்த லோடு 25 எச்.பி., அதாவது 18.6 கிலோவாட், அல்லது அதற்கு மேல் இருந்தால் இன்னொரு வரியையும் பார்க்க வேண்டும். லைனிலிருந்து இழுக்கும் மின்சாரத்தில் எவ்வளவு பங்கு உண்மையில் வேலையாகிறது என்பதுதான் பவர் ஃபேக்டர். அதன் சராசரி 0.85-க்குக் கீழே போகக் கூடாது என்பது விதி. 0.85-இலிருந்து 0.75 வரை, குறையும் ஒவ்வொரு 0.01-க்கும் யூனிட் கட்டணத்தில் 1 சதவீதம் கூடுதலாகக் கட்ட வேண்டும். அதற்கும் கீழே போனால் விகிதம் இன்னும் ஏறும்.

30 எச்.பி. லோடுள்ள ஒரு பட்டறையை எடுத்துக்கொள்வோம். மீட்டரில் அந்த மாதம் வேலைக்குப் பயன்பட்ட kWh 3,120, லைனிலிருந்து இழுத்த மொத்த kVAh 4,000. முன்னதைப் பின்னதால் வகுத்தால் 0.78. வேண்டியதைவிட 0.07 குறைவு, ஆகவே 7 சதவீதம். யூனிட் கட்டணம் 25,000 ரூபாய் என்றால் 1,750 ரூபாய் வீணாகப் போகிறது. ஒரு வேலைகூட அதனால் கூடுதலாக நடக்கவில்லை.

பெரும்பாலும் காரணம், வேலைக்கு மீறிய மோட்டார். 10 எச்.பி. மோட்டார் நாள் முழுக்க 3 எச்.பி. வேலை செய்தால் பவர் ஃபேக்டர் சரியும். கெப்பாசிட்டர் இல்லாத வெல்டிங் செட்டும் அப்படித்தான்.

இந்தப் பட்டறை 26 நாள், தினம் 10 மணி நேரம் ஓடுகிறது. சராசரி லோடு 12 கிலோவாட். 0.78-ஐ 0.95-க்கு உயர்த்த ஏறக்குறைய 6 kVAr அளவுள்ள கெப்பாசிட்டர் போதும். அதை மெயின் போர்டில் ஒரே பெட்டியாக மாட்டுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். மெஷின்கள் நின்ற பிறகும் அது லைனிலேயே கிடக்கும். இரண்டு 10 எச்.பி. மோட்டார்களுக்கும் தலா 3 kVAr கொடுத்தால், மோட்டாரோடு சேர்ந்து ஓடி, மோட்டாரோடு நிற்கும். ஸ்டார்-டெல்டா ஸ்டார்ட்டர் என்றால் கெப்பாசிட்டருக்குத் தனி கான்டாக்டர் வைத்து, டெல்டாவுக்கு மாறிய பிறகு சேரும்படி எலக்ட்ரீஷியனிடம் செய்யச் சொல்லுங்கள். வேகத்தை மாற்றும் டிரைவ் வழியாக ஓடும் மோட்டாரில், டிரைவுக்கும் மோட்டாருக்கும் இடையே கெப்பாசிட்டர் மாட்டவே கூடாது.

கெப்பாசிட்டர் அபராதத்தைத்தான் நிறுத்தும். மீட்டரில் ஓடும் யூனிட்டைப் பெரிதாகக் குறைக்காது. வீடுகளுக்கு "பவர் சேவர்" என்று விற்கும் பெட்டிகளால் பயன் இல்லாததும் இதனால்தான்: வீட்டு பில்லில் பவர் ஃபேக்டர் அபராதமே கிடையாது.

மாட்டியதோடு மறந்துவிடாதீர்கள். சூட்டிலும் அதிக வோல்டேஜிலும் கெப்பாசிட்டர் சத்தமில்லாமல் செத்துப்போகும். மோட்டார் வழக்கம்போல ஓடும், பில்தான் காட்டிக்கொடுக்கும். மோட்டார் ஓடும்போது கெப்பாசிட்டர் ஒயரில் டாங் டெஸ்டர் வைத்துப் பாருங்கள். 415 வோல்ட்டில் 3 kVAr என்றால் மூன்று ஃபேஸிலும் சுமார் 4 ஆம்பியர் காட்ட வேண்டும். ஏதாவது ஒன்றில் 2 ஆம்பியர் காட்டினாலோ, டப்பா உப்பியிருந்தாலோ உடனே மாற்றிவிடுங்கள். கழற்றும் முன் சப்ளையை நிறுத்தி, சார்ஜ் இறங்கச் சில நிமிடம் விட்டு, டெர்மினலில் வோல்டேஜ் இல்லை என்று மீட்டரால் உறுதி செய்த பிறகே கை வைக்க வேண்டும்.