பதில் வராத குட்மோர்னிங்

ஒருவர் கேட்டு முடித்ததும் மற்றவர் பதில் சொல்லத் தொடங்க எவ்வளவு நேரம் எடுக்கும்? தான்யா ஸ்டிவர்ஸ் என்ற மொழியியலாளரும் அவருடைய குழுவினரும் இதை அளந்து 2009ஆம் ஆண்டு வெளியிட்டார்கள். பத்து மொழிகளில் பதிவான அன்றாடப் பேச்சை எடுத்துக்கொண்டு, ஆம் அல்லது இல்லை என்று பதில் வரக்கூடிய கேள்விகளுக்குப் பின்னால் விழும் இடைவெளியைப் பார்த்தார்கள். சராசரி ஏறக்குறைய ஐந்தில் ஒரு விநாடி. மொழிக்கு மொழி வேறுபாடு இருந்தது, ஆனால் எந்த மொழியும் அந்தச் சராசரியை விட்டுக் கால் விநாடிக்கு மேல் விலகவில்லை. அந்தப் பத்தில் தமிழ் இல்லை. எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் அளந்திருந்தால் இடைவெளியே கிடைத்திராது என்பது என் ஊகம்.

ஐந்தில் ஒரு விநாடி என்பது நம்ப முடியாத வேகம். ஒரு படத்தைக் காட்டி அதன் பெயரைச் சொல்லச் சொன்னால், வாயிலிருந்து சொல் புறப்பட அரை விநாடிக்கு மேல் ஆகிறது. அப்படியானால் உரையாடலில் மட்டும் அதைவிட விரைவாக எப்படிப் பதில் வருகிறது? எதிரில் இருப்பவர் பேசிக்கொண்டிருக்கும்போதே அவர் எதைச் சொல்லப் போகிறார், எங்கே முடிப்பார் என்று ஊகித்து நாம் பதிலைத் தயாராக்கி வைத்துக்கொள்கிறோம். அவர் முடிக்கும் இடம் வரும்வரை பதில் நாவில் காத்து நிற்கிறது. ஊகிக்க இடமில்லாதபோது இந்த வேகமும் இல்லை.

இனி வெள்ளவத்தைக்கு வருவோம். காலை ஏழு மணி, காலி வீதியின் கடற்பக்கத்துப் பஸ் தரிப்பிடம். புறக்கோட்டைக்குப் போகிறவர்கள் நிற்கிறார்கள். பாணந்துறையிலிருந்து வரும் 100, மொறட்டுவையிலிருந்து வரும் 101 என்று பஸ்கள் வந்து போகின்றன. நான் அங்கே போய் நிற்கும்போது, தினமும் காணும் முகங்களுக்கு ஒரு குட்மோர்னிங் சொல்வது என் வழக்கம். மடித்த குடையைக் கைத்தடிபோல ஊன்றி நிற்கும் பெரியவர் ஒருவர் இருக்கிறார். சாப்பாட்டுப் பையும் கைப்பையுமாக ஓர் அக்கா வருவார். இருவரும் பதில் சொல்வதில்லை. இதைக் கேட்டவர்கள் “கொழும்புச் சனம் அப்படித்தான்” என்று முடித்துவிடுகிறார்கள். எனக்கு அந்த விளக்கம் போதவில்லை. குட்மோர்னிங் சொன்ன பிறகு வரும் இரண்டு விநாடிகளுக்குள் என்ன நடக்கிறது என்று பார்த்தால் விடயம் வேறு மாதிரித் தெரிகிறது.

முதலில் திசையைக் கவனியுங்கள். நம் நாட்டில் வாகனங்கள் இடப்பக்கமாக ஓடுகின்றன. ஆகவே தரிப்பிடத்தில் வீதியைப் பார்த்து நிற்பவருக்குப் பஸ் எப்போதும் வலப்பக்கத்திலிருந்துதான் வரும். வெள்ளவத்தையில் அது தெஹிவளைப் பக்கம். எல்லோரும் கழுத்தை அந்தப் பக்கம் திருப்பி, தூரத்தில் வரும் பஸ்ஸின் இலக்கத்தைப் பிடிக்கக் கண்களைச் சுருக்கிக்கொண்டு நிற்கிறார்கள். எல்லோரும் ஒரே பக்கம் பார்ப்பதால் ஒவ்வொருவருக்கும் முன்னால் தெரிவது அடுத்தவரின் பிடரி. பம்பலப்பிட்டிப் பக்கமிருந்து நடந்து வந்து வணக்கம் சொல்பவர், உண்மையில் பிடரிகளுக்குத்தான் வணக்கம் சொல்கிறார்.

இது அற்பமான விடயம் அல்ல. 1970களின் தொடக்கத்தில் ஆடம் கெண்டன், அன்ட்ரூ ஃபெர்பர் என்ற ஆய்வாளர்கள் ஒரு பிறந்தநாள் விழாவுக்கு வந்தவர்களைப் படம்பிடித்து, மனிதர்கள் ஒருவரையொருவர் எப்படி வரவேற்கிறார்கள் என்று சட்டகம் சட்டகமாக ஆராய்ந்தார்கள். சொல் அங்கே முதலில் வரவில்லை. ஒருவர் மற்றவரைக் காண்கிறார், கண்கள் சந்திக்கின்றன, தூரத்திலேயே ஒரு தலையசைப்போ புன்னகையோ கையசைப்போ நடக்கிறது. பிறகு நெருங்கும்போது இருவரும் பார்வையைச் சற்று விலக்கிக்கொள்கிறார்கள். கிட்ட வந்த பிறகுதான் பேச்சு. பிடரிக்குச் சொல்லும் குட்மோர்னிங் இந்தப் படிகள் எல்லாவற்றையும் தாண்டிக் கடைசிப் படியில் போய் விழுகிறது.

பெரியவரின் பக்கத்திலிருந்து பாருங்கள். ஹோர்ன் சத்தத்துக்கு நடுவே பின்னாலிருந்து ஒரு குரல். அது தனக்கா, பக்கத்தில் நிற்பவருக்கா, கைத்தொலைபேசியில் பேசுபவரின் குரலா? திரும்ப வேண்டும், முகத்தை அடையாளம் காண வேண்டும், தெரிந்தவரா என்று நினைவில் தேட வேண்டும். கொழும்பில் இன்னொரு சிக்கலும் உண்டு. தமிழில் பதில் சொல்வதா, சிங்களத்திலா, ஆங்கிலத்திலா என்று முடிவெடுக்க வேண்டும். ஊகித்து வைத்த பதில் எதுவும் அவரிடம் இல்லை. இதற்கெல்லாம் இரண்டு விநாடி பிடித்தால் அதிகம் என்று சொல்ல முடியாது. சாதாரண நடையில் ஒருவர் ஒரு விநாடிக்கு ஒரு மீற்றருக்கு மேல் கடந்துவிடுவார். பெரியவர் பதிலோடு நிமிரும்போது நான் அவரைக் கடந்து இரண்டு மூன்று மீற்றர் போயிருப்பேன். இப்போது என் பிடரிதான் அவருக்குத் தெரியும். அதற்குப் பதில் சொல்ல யாருக்கு மனம் வரும்?

சொல்லாமல் விட்டது அத்தோடு மறைந்துபோனால் பரவாயில்லை. மறைவதில்லை. இமானுவேல் ஷெக்லோஃப் என்ற சமூகவியலாளர் 1968இல் எழுதிய கட்டுரை ஒன்றில், பொலிஸுக்கு வந்த சுமார் ஐந்நூறு தொலைபேசி அழைப்புகளின் தொடக்கங்களை ஆராய்ந்தார். அவர் கண்டது இது: அழைப்புக்கு விடை, வணக்கத்துக்கு வணக்கம் என்று சில பேச்சுகள் இணையாகவே வருகின்றன. முதற்பாதி சொல்லப்பட்டுவிட்டால் இரண்டாம் பாதிக்கு அங்கே ஓர் இடம் திறந்துவிடுகிறது. அது நிரப்பப்படாவிட்டால், ஒன்றும் நடக்கவில்லை என்று யாரும் எடுத்துக்கொள்வதில்லை. “பதில் சொல்லவில்லை” என்பதே ஒரு நிகழ்ச்சியாகிவிடுகிறது. அதற்கு நாம் காரணம் தேடுகிறோம்: காது கேட்கவில்லையா, கோபமா, பெருமையா? வீதியில் கிடக்கும் ஆயிரம் மௌனங்களில் இந்த ஒன்று மட்டும் உறுத்துவது இதனால்தான். உறுத்தல் எனக்கு மட்டும் இல்லை, பெரியவருக்கும் உண்டு. நேற்றுப் பதில் சொல்லாத ஒருவருக்கு இன்று சொல்வது, நேற்றைய மௌனத்தை ஒப்புக்கொள்வதாகிவிடும்.

சமூக உளவியலாளர் ஸ்டான்லி மில்கிராம் 1972இல் எழுதியது இங்கேதான் பொருந்துகிறது. அவருடைய மாணவர்கள் நியூயோர்க் பகுதியில் காலை ரயிலுக்குக் காத்து நின்றவர்களைப் படம்பிடித்து, அந்தப் படங்களை அதே பயணிகளிடம் பிறகு கொடுத்தார்கள். பத்துப் பேரில் ஒன்பது பேர் அளவில், படத்தில் இருந்த ஒருவரையாவது அடையாளம் கண்டார்கள். ஒருவருக்குச் சராசரியாக நான்கு முகங்கள் தெரிந்திருந்தன, ஆனால் அவர்கள் அவற்றோடு ஒருநாளும் பேசியதில்லை. பேசிப் பழகியவர்களின் சராசரி ஒன்றரை. பழகிய அந்நியர் என்று மில்கிராம் இவர்களுக்குப் பெயர் வைத்தார். இது உறவின்மை அல்ல, ஒருவரையொருவர் பேசாமல் விட்டுவிடுவது என்று இருவரும் ஏற்றுக்கொண்ட உறைந்த உறவு என்பது அவர் வாதம். ஆண்டுகள் கூடக் கூட அதை உடைப்பது கடினமாகிறது. வழக்கமான இடத்துக்கு வெளியே எங்கேனும் சந்தித்தால் மட்டும் எளிதாகப் பேச்சு வந்துவிடுகிறது. வழக்கம் குலைந்தாலும் அப்படித்தான். 2022இல் எரிபொருள் இல்லாமல் பஸ்கள் குறைந்தபோது, அதுவரை வாய் திறக்காதவர்கள் எங்கே எத்தனை மணிக்கு எந்தப் பஸ் ஓடுகிறது என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள். நிலைமை சீரானதும் பழையபடி பிடரிகள்.

பதில் சொல்லாதவருக்குப் பேச விருப்பமில்லை என்று இதிலிருந்து முடிவெடுக்கலாமா? நிக்கலஸ் எப்லியும் ஜூலியானா ஷ்ரோடரும் 2014இல் வெளியிட்ட சிக்காகோ ஆய்வு, அவசரப்படாதீர்கள் என்கிறது. பயணிகளில் ஒரு குழுவைப் பக்கத்தில் இருப்பவரோடு பேசச் சொன்னார்கள், இன்னொரு குழுவைத் தனியாக இருக்கச் சொன்னார்கள், மூன்றாவது குழு வழக்கம்போல. பேசியவர்களுக்குத்தான் பயணம் அதிகம் இனித்தது. ஆனால் முன்கூட்டியே ஊகிக்கச் சொன்னபோது பயணிகள் நேர்மாறாகச் சொல்லியிருந்தார்கள். மற்றவர்களில் பாதிப்பேர்கூடப் பேச விரும்பமாட்டார்கள் என்பதும் அவர்கள் ஊகத்தில் இருந்தது. எல்லோரும் இப்படியே ஊகித்தால் எல்லோரும் வாய்மூடி நிற்பார்கள். இதில் கவனிக்க வேண்டிய எல்லையும் உண்டு: அது ரயிலிலும் பஸ்ஸிலும் ஆசனத்தில் உட்கார்ந்து பேசும் உரையாடல். நின்ற நிலையில், பஸ் எந்தக் கணமும் வரலாம் என்ற தவிப்பில் சொல்லும் ஒற்றைச் சொல்லுக்கு அதை அப்படியே பொருத்த முடியாது.

மௌனத்துக்கு இங்கே வேறு காரணங்களும் இருக்கின்றன, அவை ஊகப் பிழைகள் அல்ல. போர்க் காலத்தில் சோதனைச் சாவடிகளுக்கு நடுவே கொழும்பில் வாழ்ந்த தமிழர் பலர், பொது இடத்தில் தமிழில் வாய் திறப்பதையே தவிர்த்தார்கள். அந்தப் பழக்கம் சாவடிகளோடு போய்விடவில்லை. பெண்களின் நிலை இன்னும் வெளிப்படையானது. ஐக்கிய நாடுகள் சனத்தொகை நிதியம் 2015இல் இலங்கையில் நடத்திய ஆய்வில், பொதுப் போக்குவரத்தில் பாலியல் தொந்தரவுக்கு ஒரு தடவையேனும் ஆளானதாக 90 வீதமான பெண்கள் கூறினார்கள். இப்படியான பாதையில் தினமும் போகும் ஒரு பெண், முன்பின் தெரியாத ஆணின் குட்மோர்னிங்குக்குப் பதில் சொல்லாமல் இருப்பதில் கணக்கு இருக்கிறது. பதில் சொன்னால் அடுத்த கேள்வி வருமா என்பது அவருக்குத் தெரியாது.

ஆகவே பதில் வராதது எந்த வகையைச் சேர்ந்தது என்று பிரித்துப் பார்க்க வேண்டும். வாயைப் பார்த்துப் பயனில்லை, காலைப் பாருங்கள். வணக்கம் கேட்டவர் மறுநாள் அதே இடத்தில் அதே திசையில் நின்றால், அவருக்கு அது தொந்தரவாக இருக்க வாய்ப்புக் குறைவு. ஓரடி தள்ளி நின்றாலோ, கைப்பையை உங்களுக்கும் தனக்கும் இடையில் மாற்றிக்கொண்டாலோ, உங்களைக் கண்டதும் கைத்தொலைபேசியை எடுத்தாலோ, அதுதான் பதில். அந்த அக்காவுக்கு நான் குட்மோர்னிங் சொல்வதை நிறுத்தியது கைப்பை இடம் மாறியதைக் கண்டுதான்.

பெரியவர் ஒருநாளும் தள்ளி நின்றதில்லை. அவருக்காக நான் தெஹிவளைப் பக்கமிருந்து வரத் தொடங்கினேன். குறுக்குத் தெருவால் இறங்கினால் அது பெரிய சுற்று இல்லை. இப்போது பஸ் வரும் திசையிலேயே நானும் வருகிறேன். நாலைந்து மீற்றர் தூரத்திலேயே அவர் என்னைக் கண்டுவிடுகிறார், நான் கிட்ட வருவதற்குள் அவருக்கு மூன்று விநாடிகளாவது கிடைக்கிறது. குட்மோர்னிங்கையும் விட்டுவிட்டு, “101 போய்விட்டதா, ஐயா?” என்று கேட்டேன். அவர் அந்தக் கணத்தில் நினைத்துக்கொண்டிருந்ததே அந்தப் பஸ்ஸைத்தான். பதில் ஏற்கெனவே நாவில் இருந்தது.

“இல்லை, 100தான் போனது” என்றார். கேள்வி முடியும் முன்பே சொல்லிவிட்டார்.