திரையில் 100 ஹெர்ட்ஸ், ஷாஃப்டில் 99.5: அதிர்வு ஸ்பெக்ட்ரத்தின் உச்சியை வாசிப்பது எப்படி

இரண்டு துருவ இண்டக்‌ஷன் மோட்டார் ஓட்டும் ஒரு பம்பில் 100 ஹெர்ட்ஸ் அருகே அதிர்வு கூடியிருந்தால் இரண்டு சந்தேகங்கள் வரும். முதலாவது மின்சாரம் சார்ந்தது. சப்ளை 50 ஹெர்ட்ஸ், அதன் இருமடங்கு 100. ஸ்டேட்டர் தளர்ந்திருந்தாலோ, ரோட்டரைச் சுற்றியுள்ள காற்று இடைவெளி சீராக இல்லாவிட்டாலோ, மோட்டாரின் ஒரு கால் சரியாகப் படியாமல் போல்ட் போட்டு இழுக்கப்பட்டிருந்தாலோ அங்கே உச்சி எழும். இரண்டாவது அலைன்மென்ட். ஷாஃப்ட் நிமிடத்துக்கு 2985 சுற்று ஓடினால் அது 49.75 ஹெர்ட்ஸ், அதன் இருமடங்கு 99.5. கப்ளிங் விலகியிருந்தால் உச்சி இங்கே வரும். ஒன்றுக்கு எலக்ட்ரீஷியன் வேண்டும், இன்னொன்றுக்கு டயல் கேஜோடு ஃபிட்டர் வேண்டும். நடுவில் இருப்பது அரை ஹெர்ட்ஸ்.

வழக்கமான ரவுண்டில் அனலைசரை 1000 ஹெர்ட்ஸ் எல்லை, 800 கோடு என்று வைத்திருப்போம். அப்போது கருவி நொடிக்கு 2560 வீதம் 2048 மாதிரிகளை எடுக்கிறது. மொத்தம் 0.8 நொடி. கோடுகளுக்கு இடையே உள்ள தூரம் 2560-ஐ 2048-ஆல் வகுத்தது, அதாவது 1.25 ஹெர்ட்ஸ். ஆகவே கர்சர் 97.50, 98.75, 100.00, 101.25 ஆகிய இடங்களில்தான் நிற்க முடியும். 99.5-க்கு அங்கே இடமே இல்லை. மிக அருகில் உள்ளது 100.00, அதையே காட்டும். அந்த இரண்டு தசம இடத்தை நம்பி மோட்டாரைக் கழற்றி ரீவைண்டிங்குக்கு அனுப்பியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

சரி, அந்தக் கோடு எதைத்தான் சொல்கிறது? 80-ஆவது கோடு என்றால் 99.375 முதல் 100.625 வரை உள்ள அதிர்வுகளையெல்லாம் சேர்த்து வைத்த கணக்கு என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. ஒவ்வொரு கோட்டுக்குப் பின்னாலும் ஒரே ஒரு அலை இருக்கிறது:

```
X[k] = Σ x[n] · e^(-j2πkn/N),   n = 0 … N-1
```

இதில் உள்ள அடுக்குக்குறி உறுப்பு ஒரு சிக்கலெண் சைன் அலை. கடிகார முள்ளைப் போல வட்டமடிக்கும் ஓர் அம்பை 2048 இடங்களில் நிறுத்திக் குறித்துக்கொண்டால் கிடைக்கும் எண்வரிசை அது. k = 80 என்றால் அந்த 0.8 நொடிக்குள் அம்பு சரியாக 80 சுற்று முடிக்கும். k = 79 என்றால் 79 சுற்று. பாதிச் சுற்றில் நிற்கும் அம்பு பட்டியலில் கிடையாது. நாம் அளந்த அதிர்வை ஒவ்வொரு அம்போடும் மாதிரிக்கு மாதிரி பெருக்கிக் கூட்டுகிறோம். எந்த அம்போடு ஒத்துப்போகிறதோ அங்கே கூட்டுத்தொகை வளரும், மற்றவற்றில் கூட்டியதும் கழித்ததும் அடிபட்டுப்போகும்.

வெறும் கொசைனோடு பெருக்கினால் போதாதா என்றால், போதாது. அதிர்வு எந்தக் கட்டத்தில் இருக்கும்போது பதிவு தொடங்கியது என்பது நமக்குத் தெரியாது. கால் சுற்று தள்ளித் தொடங்கியிருந்தால் கொசைனோடு பெருக்கிய கூட்டுத்தொகை பூச்சியமாகி, இருக்கும் அதிர்வு இல்லாதது போல் ஆகிவிடும். சிக்கலெண் அம்பில் கொசைனும் சைனும் சேர்ந்தே இருப்பதால் எங்கே தொடங்கினாலும் அளவு கிடைத்துவிடும்.

99.5 ஹெர்ட்ஸ் அதிர்வு 0.8 நொடியில் 79.6 சுற்று போடும். எந்த அம்போடும் அது முழுதாக ஒத்துப்போகாது, எந்த அம்போடும் முழுதாக அடிபட்டும் போகாது. எனவே சிறிது சிறிதாக எல்லாக் கோட்டிலும் ஒட்டும். ஹான் விண்டோ போட்டால் தூரத்துக் கோடுகளில் ஒட்டியது வேகமாகத் தேய்ந்துவிடும், அருகில் உள்ள சில கோடுகளில் மட்டும் மிஞ்சும். உண்மை வீச்சு 4 மி.மீ./நொடி என்று வைத்துக் கணக்கிட்டுப் பார்க்கலாம்:

```python
import numpy as np
fs, N = 2560, 2048
n = np.arange(N)
w = np.hanning(N + 1)[:N]
x = 4 * np.cos(2*np.pi*99.5*n/fs)
X = np.abs(np.fft.rfft(x*w)) * 2 / w.sum()
print(X[78:82])
```

78 முதல் 81 வரையுள்ள கோடுகளில் கிடைப்பது ஏறக்குறைய 0.49, 3.15, 3.60, 0.90. உயரமான கோடு 80 என்பதால் கருவி 100.00 ஹெர்ட்ஸ், 3.60 என்று சொல்லும். அதிர்வெண்ணும் தவறு, வீச்சும் 10 சதவீதம் குறைவு. ஆனால் பக்கத்துக் கோடுகள் சும்மா இல்லை. இடது பக்கம் 3.15, வலது பக்கம் 0.90. உண்மையான உச்சி இடப்பக்கம் சாய்ந்திருக்கிறது என்று அவையே காட்டிக்கொடுக்கின்றன.

எவ்வளவு சாய்வு என்பதற்கு ஹான் விண்டோவுக்கு எளிய சூத்திரம் உண்டு. அருகில் உள்ள இரண்டாவது உயரமான கோட்டை உயரமான கோட்டால் வகுத்தால் r. நகர்வு (2r − 1)/(1 + r). இங்கே r = 3.15/3.60 = 0.875, நகர்வு 0.75/1.875 = 0.4 கோடு. 80-இலிருந்து இடப்பக்கம் 0.4 போனால் 79.6, அதை 1.25-ஆல் பெருக்கினால் 99.5 ஹெர்ட்ஸ். இந்தியாவில் கிரிட் அதிர்வெண்ணுக்கான வரம்பு 49.90 முதல் 50.05 வரை, இருமடங்கு எடுத்தால் 99.8 முதல் 100.1. நம் உச்சி அந்த வரம்புக்கு வெளியே, சுற்றுவேகத்தின் இருமடங்கில் இருக்கிறது. டேக்கோமீட்டரில் 2985 காட்டினால் சந்தேகம் அலைன்மென்ட் பக்கம் போகும். விண்டோ மாறினால் சூத்திரமும் மாறும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

இந்தக் கணக்குக்கு ஒரு நிபந்தனை உண்டு: அங்கே ஒரே ஒரு அலைதான் இருக்க வேண்டும். 99.5-உம் 100-உம் சேர்ந்தே இருந்தால் சூத்திரம் கூச்சமில்லாமல் ஏதோ ஓர் எண்ணைக் கொடுக்கும். நகர்வு 0.4 என்றால் எதிர்ப்பக்கத்து 81-ஆவது கோடு உச்சியில் கால்பங்கு இருக்க வேண்டும். அது பொருந்தாவிட்டால் சந்தேகப்படலாம். இதைவிட உறுதியான அடையாளம் வீச்சு ஏறி இறங்குவது. அரை ஹெர்ட்ஸ் வித்தியாசம் உள்ள இரண்டு அலைகள் சேர்ந்தால் 2 நொடிக்கு ஒருமுறை பொங்கி அடங்கும், சில பம்புகளில் காதுக்கே கேட்கும். சராசரி எடுப்பதை நிறுத்திவிட்டு 0.8 நொடிப் பதிவுகளை அடுத்தடுத்து எடுத்தால் அதே கோடு ஒவ்வொரு முறையும் வேறு உயரம் காட்டும். சராசரி போட்டிருந்தால் இது மறைந்துவிடும்.

அப்போது பூச்சியங்களைச் சேர்த்து நீளமாக்கிக் கணக்கிடுவது உதவாது. கோடுகள் நெருக்கமாகும், படம் வழவழப்பாகும், ஒட்டிக்கிடக்கும் இரண்டு அலைகள் பிரியாது. அம்புகளின் எண்ணிக்கை கூடினாலும் அவை பார்ப்பது அதே 0.8 நொடி அதிர்வைத்தான். பிரிக்க வேண்டுமானால் நேரம் கொடுக்க வேண்டும். 6400 கோடு வைத்தால் பதிவு 6.4 நொடி, இடைவெளி சுமார் 0.156 ஹெர்ட்ஸ். 99.5 இப்போது 636.8-இலும் 100 சரியாக 640-இலும் விழும். நடுவில் 3.2 கோடு இருப்பதால் ஹான் விண்டோவிலும் இரண்டு உச்சிகளும் இடையில் பள்ளமும் தெரியும். 3200 கோட்டில் இடைவெளி 1.6 கோடுதான், சில பதிவுகளில் பிரியும், சிலவற்றில் பிரியாது.

நீளப் பதிவுக்கு வேகம் ஆடாமல் நிற்க வேண்டும். அந்த 6.4 நொடிக்குள் வேகம் 30 சுற்று மாறினால் இருமடங்கு உச்சி 1 ஹெர்ட்ஸ் நகர்ந்து ஆறு கோடுகளில் பரவிக் குட்டையாகிவிடும், 100 ஹெர்ட்ஸ் மட்டும் கூர்மையாக நிற்கும். வால்வு திறந்து மூடும் நேரத்தில் எடுத்த பதிவில் இப்படிப் பார்க்கலாம். அப்படி ஆடும் பம்பில் நான் ஸ்பெக்ட்ரத்தோடு மல்லுக்கட்டுவதில்லை. பதிவை ஓடவிட்டு மோட்டாரின் சப்ளையை நிறுத்தச் சொல்வேன். மின்சாரத்தால் வந்தது அந்தக் கணமே போய்விடும், ஷாஃப்டால் வந்தது வேகத்தோடு சேர்ந்து இறங்கும்.